இரக்கத்துக்கும் மதிப்புக்கும் இடையே: ‘சிலிர்ப்பு’ கதையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வீட்டு வேலை செய்து பிழைப்பவரையும் தெருவில் கூடை வைத்து விற்பவரையும் பற்றி நம்மவர் எழுதியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாசித்து முடித்த பிறகு, எழுதியவருடைய மனம் எவ்வளவு மென்மையானது என்பது நமக்குத் தெரிகிற அளவுக்கு, எழுதப்பட்டவர் எந்த வேலையை எப்படிச் செய்கிறார், அதற்கு என்ன பெறுகிறார், எதைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்பது தெரிவதில்லை. அனுதாபம் குற்றமன்று. அது யாருடைய உள்ளத்தில் எழுந்ததோ அவருடையதாகவே பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதும், எழுதப்படுபவரின் தொழிலறிவு அவருடைய வார்த்தையிலேயே முதலில் வரவேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தக்க சான்று காவிரிக் கரையிலேயே இருக்கிறது. 1921இல் பிறந்து தஞ்சை மாவட்டத்தின் பேச்சையும் மனிதரையும் தம் எழுத்தில் நிலைநிறுத்திய தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ என்ற சிறுகதை, கும்பகோணம் நோக்கிச் செல்லும் ஒரு ரயில் வண்டியில் நிகழ்கிறது. தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே பாபநாசம் நிலையத்தைக் கடந்து செல்லும் அந்த இருப்புப் பாதையில் இன்று பயணம் செய்பவரும், இருபுறமும் வயலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கிடக்கும் அதே பூமியைத்தான் பார்க்கிறார். கதையில் ஒரு தகப்பனும் அவருடைய சிறு பையனும் பயணம் செய்கிறார்கள். அதே பெட்டியில், ஏறத்தாழப் பத்து வயதுள்ள காமாட்சி என்ற பெண் குழந்தை, கல்கத்தாவில் ஒரு வீட்டில் வேலை செய்வதற்காக அழைத்துச் செல்லப்படுகிறாள். பையன் தன் கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். அதைக் கண்ட தகப்பன் மெய்சிலிர்க்கிறார்.

கதையின் இந்த முடிவையே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது அதற்கு முன்பு நிகழும் ஒரு சம்பாஷணையை. உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கும்போது அந்தக் குழந்தை கண் கலங்குவதில்லை. சமையல், குழந்தையைப் பார்த்துக்கொள்வது, துணி துவைப்பது என்று தனக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். சம்பளம் என்று எதுவும் கிடைத்ததில்லை என்பதையும் அதே நிதானத்தோடு சொல்கிறாள். அவளுக்கு இது முறையீடு அன்று; தன் அனுபவத்தைக் கேட்பவருக்குத் தெரிவிக்கும் தகவல். கேட்பவர் மனம் பதைப்பது வேறு, சொல்பவள் நிமிர்ந்து சொல்வது வேறு என்ற இந்தப் பிரிவை ஆசிரியர் கலைக்காமல் காப்பாற்றுகிறார். கதையின் பெயரிலும் அதுவே காப்பாற்றப்படுகிறது. சிலிர்த்தவர் தகப்பன், ஆகவே சிலிர்ப்பு அவருக்கே உரியது. காமாட்சியின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று அவளுக்காகச் சொல்ல ஆசிரியர் முற்படவில்லை.

ஓர் ஆட்சேபம் எழலாம், அது நியாயமானதே. குழந்தையின் உழைப்பு கதையில் ஒரு கனவானின் ஆனந்தத்துக்குக் காரணமாக அமைந்துவிடுகிறது. வண்டியைவிட்டு இறங்கியவர் வீடு சேர்கிறார், அவளோ மேற்கொண்டு போகிறாள். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கும் காலத்தில் வாசிப்பவருக்கு, அந்த ஆனந்தம் போதாததாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தக் குறையை நாம் காண முடிவதே, யாருடைய உணர்ச்சி யாருடையது என்று கதை மறைக்காமல் காட்டியிருப்பதால்தான். உழைப்பவளின் வாயில் ஆசிரியரின் கண்ணீரை ஏற்றிச் சொன்ன எழுத்தில் இந்த விசாரணைக்கே இடமிருக்காது.

எழுதப்படுபவரே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. தில்லிக்கு அருகே குர்காவ்னில் வீட்டு வேலை செய்த பேபி ஹால்தார், தம் வாழ்க்கையை வங்காளியில் எழுதினார். அவர் வேலை செய்த வீட்டுக்காரர், பிரேம்சந்தின் பேரரான பிரபோத் குமார், அதை இந்தியில் மொழிபெயர்த்தார். 2002இல் அது ‘ஆலோ ஆந்தாரி’ என்று வெளிவந்தது. எஜமான ஸ்தானத்தில் இருந்தவர் இங்கே செய்த காரியத்தின் அளவைக் கவனிக்கவேண்டும்: எழுதத் தூண்டினார், மொழிபெயர்த்தார், கதையை மட்டும் தாம் சொல்லவில்லை. எல்லாரும் எழுத முடியாது என்பது உண்மையே. ஆகவே பிறரைப் பற்றி எழுதும் பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடவில்லை.

அந்தப் பொறுப்பை நடைமுறையில் எப்படி நிறைவேற்றுவது? பாபநாசம் கடைத்தெருவோரம் வெற்றிலை விற்கும் ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். இரக்கத்தோடு எழுதுபவர் சுருக்கம் விழுந்த முகத்திலும் வெயிலிலும் தொடங்குவார். மூதாட்டியின் தொழிலிலோ அதைவிடச் சொல்லத்தக்கது நிறைய இருக்கிறது. கவுளி கவுளியாக வாங்கிய வெற்றிலையில் கொழுந்தையும் முற்றலையும் பிரிக்கவேண்டும்; தண்ணீர் குறைந்தால் இலை வாடும், மிகுந்தால் அழுகும்; அழுகிய ஓர் இலையை உடனே எடுக்காவிட்டால் பக்கத்து இலைகளும் கெடும். ஆகவே கட்டை அடிக்கடி பிரித்துப் பார்த்து, ஈரத் துணியை எப்போது போர்த்துவது, எப்போது விலக்குவது என்பதை அன்றைய காற்றைக்கொண்டு தீர்மானிக்கிறார். சாயங்காலம் மிஞ்சும் இலையை எந்த விலைக்குத் தள்ளுவது, எதை மறுநாளைக்கு வைப்பது என்பது ஒரு வியாபாரியின் நிர்ணயம். முதலுக்குத் தண்டல்காரரிடம் வாங்குகிறார் என்றால், ஆயிரம் என்று கணக்கு வைத்து நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கையில் கொடுத்து, நாளைக்கு நூறாகப் பத்து நாளில் வசூலிக்கும் வழக்கத்தை அவர் அறிந்தே ஏற்கிறார். ஏன் ஏற்கிறார் என்று கேட்டால், விடியற்காலையில் வேறு யார் அவருக்குப் பணம் தருவார் என்ற பதில் எந்தப் பொருளாதார நூலுக்கும் ஈடாக நிற்கும்.

மொழியிலும் ஒரு பழக்கத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும். வீட்டுக்காரரை ‘வந்தார்’ என்றும் வேலை செய்பவரை ‘வந்தாள்’ என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதுவது, எழுதுபவர் அறியாமலே அந்த வீட்டின் திண்ணையை வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. பாத்திரங்களின் பேச்சில் அது வரட்டும், ஏனெனில் ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள். கட்டுரையாசிரியரின் சொந்தக் குரலில் வரவேண்டியதில்லை. கூலியையும் அப்படியே எழுதவேண்டும். 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக் கணக்கில் வகுத்த பிறகு, ‘சொற்பக் கூலி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலை, மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதினால்தான் அது சொற்பமா அல்லவா என்பதை வாசகர் தாமே அறிவார்.

எல்லாவற்றிலும் கடினமானது, எழுதியதை எழுதப்பட்டவருக்கே வாசித்துக் காட்டுவது. பாபநாசம் போன்ற ஊரில் பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. எந்தத் தெரு முனை, என்ன சரக்கு என்று சொன்னதுமே ஊர் கண்டுகொள்ளும். கடன் தொகையும் தண்டல் விவகாரமும் அச்சில் வந்தால், மறு வாரம் கடன் கொடுப்பவரின் முகம் மாறக்கூடும். அந்த நஷ்டம் மூதாட்டியுடையது, ஆசிரியருடையது அன்று. தண்டலின் கணக்கை ஊர் வழக்கமாக எழுதி, அவருடைய கடனாக எழுதாமல் விடுவதே முறை. வெற்றிலையைப் பற்றிச் சொன்னதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மகனைப் பற்றிச் சொன்னது வேண்டாம் என்று அவர் சொன்னால், கட்டுரையில் மிக உருக்கமான பத்தி அதுவேயானாலும் அதை எடுத்துவிடவேண்டும். கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய விற்பனை தடைப்பட்டதற்கு ஈடு என்ன என்று கேட்டால், அதற்கும் விலை பேசத்தான் வேண்டும்.