தொப்பிகள் மாறிப்போன கணக்கு

எங்கள் வகுப்பில் கிழமைச் சோதனை முடிந்ததும் கொப்பிகளைச் சேர்த்து, நன்றாகக் கலைத்து, ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளிடமே திருத்தக் கொடுப்பேன். 32 பிள்ளைகள். அநேகமான நாட்களில் யாராவது ஒருவர் எழும்பி, "சேர், எனக்கு என்ட கொப்பியே வந்திருக்கு" என்பார். சில நாட்களில் இரண்டு பேர். ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ஒருத்தருக்கும் சொந்தக் கொப்பி வராம இருக்க எவ்வளவு சான்ஸ்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் 300 வருடத்துக்கு மேல் பழைய கேள்வி அது. இன்று அதன் கதையைக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன்.

கணிதப் புத்தகங்களில் இதைத் தொப்பிக் கணக்கு என்பார்கள். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் தொப்பிகளைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். திரும்பிப் போகும்போது வேலையாள் யாருடையது எது என்று பாராமல் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்கிறார். ஒருவருக்கும் அவரவர் தொப்பி கிடைக்காமல் போகும் நிகழ்தகவு என்ன?

ஆனால் கதை தொடங்கியது தொப்பியில் அல்ல, கடதாசி விளையாட்டில். பிரான்சில் அப்போது 'த்ரேஸ்' என்றொரு சூதாட்டம் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பதின்மூன்று என்று அர்த்தம். கட்டை வைத்திருப்பவர் 52 கடதாசிகளையும் கலைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே ஏஸ், இரண்டு, மூன்று என்று கிங் வரை 13 பெயர்களையும் வரிசையாகச் சொல்வார். சொன்ன பெயரும் புரண்ட கடதாசியும் ஒரு தடவையாவது ஒத்துப்போனால் அவருக்கு வெற்றி.

பியர் ரெமோன் டி மொன்மோர் என்பவர் சூதாட்டங்களின் கணக்கை ஆராய்ந்து 1708இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த விளையாட்டையும் எடுத்துக்கொண்டார். முதலில் ஒரே வகைக் கடதாசி 13 மட்டும் இருப்பதாக வைத்து இலகுவாக்கினார். அதுதான் நம் தொப்பிக் கணக்கு: 13 பெயர்கள், 13 கடதாசிகள். விடையை நூலில் போட்டார், நிறுவலைப் போடவில்லை. பரீட்சைத் தாளில் எங்கள் பிள்ளைகள் இப்படிச் செய்தால் புள்ளி குறைப்போம்! நிறுவல் 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. அதைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த நிக்கலஸ் பெர்னூலி. இருவரும் கடிதம் எழுதி எழுதியே இந்தக் கணக்குகளை வளர்த்தார்கள். அந்தக் கடிதங்களும் அதே பதிப்பில் அச்சாகின.

அவர் போன வழியை நான்கு தொப்பிகளில் செய்து பார்ப்போம். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்கு நான்கு தொப்பிகளை 24 விதமாகக் கொடுக்கலாம். இதில் முதலாமவருக்குச் சொந்தத் தொப்பி கிடைக்கும் விதங்களைக் கழிக்க வேண்டும். அவர் தொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டால் மற்ற மூன்றையும் 6 விதமாகக் கொடுக்கலாம். இப்படி நான்கு பேருக்கும் கழித்தால் 24 போய்விடும். மீதி பூச்சியம்! எங்கேயோ பிழை என்று தெரிகிறது, இல்லையா?

பிழை இதுதான். முதலாமவர், இரண்டாமவர் இருவருக்கும் சொந்தத் தொப்பி கிடைத்த விதங்களை நாம் இரண்டு தடவை கழித்துவிட்டோம். ஆகவே ஒரு தடவை திருப்பிக் கூட்ட வேண்டும். நான்கு பேரில் 6 சோடிகள் உண்டு. ஒவ்வொரு சோடிக்கும் மற்ற இரு தொப்பிகளை 2 விதமாகக் கொடுக்கலாம். ஆக 12ஐக் கூட்டுகிறோம். இப்போது மூன்று பேருக்குச் சரியாகக் கிடைத்த இடத்தில் கூடுதலாகக் கூட்டிவிட்டோம், அதற்கு 4 கழிக்கிறோம். கடைசியாக, நால்வருக்கும் சரியாகக் கிடைத்த ஒரே விதத்துக்கு 1 கூட்டுகிறோம்.

24 − 24 + 12 − 4 + 1 = 9

சந்தேகமென்றால் அந்தக் கடைசி விதத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள். அது முதலில் 1 தடவை எண்ணப்பட்டது, பிறகு 4 தடவை கழிக்கப்பட்டது, 6 தடவை கூட்டப்பட்டது, 4 தடவை கழிக்கப்பட்டது, 1 தடவை கூட்டப்பட்டது. மொத்தம் பூச்சியம். வேண்டாத விதம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆக 24இல் 9, அதாவது 0.375.

இதை 24ஆல் பிரித்து எழுதினால் அழகான ஒரு தொடர் தெரியும்:

1 − 1 + 1/2 − 1/6 + 1/24

ஐந்து பேரானால் இதோடு 1/120ஐக் கழிக்க வேண்டும், விடை 0.3667. ஆறு பேரானால் 1/720ஐக் கூட்ட வேண்டும், 0.3681. ஏழு பேருக்கு 0.3679. கூட்டும் கழிக்கும் துண்டுகள் வேகமாகச் சிறுத்துப்போவதால் விடை அதற்கு மேல் அசையவே மாட்டேன் என்கிறது. 32 பிள்ளைகளோ 3,000 பேரோ, அதே 0.3679தான்.

வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிப் பேர் "ஆக்கள் கூடினா சான்ஸ் குறையும், யாராவது ஒருத்தருக்கு எப்படியும் மாட்டும்" என்றார்கள். மற்றவர்கள் "கூடும், அவ்வளவு கொப்பிக்குள்ள சொந்தக் கொப்பி எங்க கிடைக்கப்போகுது" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறது. ஆட்கள் கூடும்போது ஒவ்வொருவரின் வாய்ப்பும் அதே அளவுக்குக் குறைகிறது. சராசரியாகச் சொந்தக் கொப்பி கிடைப்போர் எண்ணிக்கை எத்தனை பேரானாலும் சரியாக 1தான்.

அந்த 0.3679 என்ன எண் என்பதை விளக்கியவர் ஒய்லர். அவர் 1750களில் பெர்லினில் இருந்தபோது இந்த விளையாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இரண்டு பேர் ஆளுக்கொரு கட்டு வைத்து ஒரே நேரத்தில் புரட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார். மேலே உள்ள தொடர் முடிவில்லாமல் போனால் 1/e ஆகிறது. உயர்தரக் கணிதம் படித்தவர்களுக்கு e-ஐத் தெரியும், 2.718 என்று தொடங்குவது. அந்த எழுத்தை அதற்கு வைத்தவரும் ஒய்லர்தான். கடதாசி 12க்குக் குறையாவிட்டால், ஒத்துப்போகும் என்பவருக்கும் ஒத்துப்போகாது என்பவருக்கும் உள்ள வாய்ப்பு ஏறக்குறைய 12க்கு 7 என்று கணக்குக் கொடுத்தார்.

உண்மையான த்ரேஸில் 52 கடதாசியும் இருப்பதால் எண் கொஞ்சம் மாறும். முதல் 13 கடதாசிக்குள் கட்டு வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு 0.643. சூதாட்டத்தில் யார் பக்கம் சாய்வு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நமக்கு அது வேண்டாத தொழில், அது வேறு கதை.

இன்னொன்று. பிள்ளைகள் வழமையாகச் செய்யும் பிழை: ஒருவருக்குச் சொந்தத் தொப்பி கிடைக்காத வாய்ப்பு 3/4, ஆகவே நால்வருக்கும் அதை நான்கு தடவை பெருக்கினால் போதும் என்பது. பெருக்கினால் 0.316 வரும், 0.375 அல்ல. இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் பிழை வெளிச்சமாகிவிடும். பெருக்கல் 1/4 என்கிறது. உண்மையில் ஒன்றில் இருவருக்கும் சரியாகக் கிடைக்கும், அல்லது இருவருக்கும் மாறும், ஆகவே 1/2. ஒருவருக்குக் கிடைத்தது மற்றவரைப் பாதிக்கிறது. ஆனால் 32 பேருக்கு அதே பிழையான பெருக்கல் 0.362 தருகிறது, சரியான விடைக்கு மிகக் கிட்ட. பெரிய எண்ணில் மட்டும் சோதித்தவர் தன் பிழையைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

இதெல்லாம் கொப்பிகளை உண்மையாகக் கலைத்தால்தான். சேர்த்த வரிசையிலேயே அடுக்கி, அரைகுறையாகக் கலைத்து, அதே வரிசையில் திருப்பிக் கொடுத்தால் சொந்தக் கொப்பி கிடைப்பவர்கள் கூடிவிடுவார்கள். இந்தத் தவணை முழுக்க எண்ணி வைக்கும்படி அந்தப் பிள்ளையிடமே சொல்லியிருக்கிறேன். பத்துக் கிழமை சோதனை நடந்தால் மூன்று நான்கு கிழமை ஒருவரும் எழும்பாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று பேர் எழும்பினால், நான் கலைக்கும் விதத்தில்தான் பிழை.