வெப்பத்தில் உழைப்போருக்கு ஏற்படும் நாள்பட்ட சிறுநீரக நோய்

நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே பெரும்பாலும் காரணம். ஆனால் இவ்விரண்டும் இல்லாத விவசாயத் தொழிலாளர்களிடமும் இந்நோய் காணப்படுகிறது. ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் வயல், கட்டுமானம் போன்ற வெயில் வேலை செய்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 2023-இல் பல மாவட்டங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். முதல் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதனை செய்யப்பட்டது. ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு நோய் உறுதியானது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தெரியவில்லை.

மறுபரிசோதனை ஏன்?

கடும் உழைப்பும் நீரிழப்பும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைத் தற்காலிகமாக உயர்த்தும். ஓய்வுக்குப் பின் அது இயல்புக்குத் திரும்பலாம். மூன்று மாதங்களுக்கு மேல் குறைபாடு நீடித்தால் மட்டுமே அது நாள்பட்ட நோய் எனப்படும்.

வெப்பமே காரணமா?

வியர்வையால் நீர் குறையும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இவ்வாறு நாள்தோறும் ஏற்படும் சிறு பாதிப்புகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பாக மாறக்கூடும் என்பது ஒரு கருதுகோள். இதனைச் சோதிக்க ஆய்வாளர்கள் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைச் சேர்த்து அளக்கின்றனர். வேலைக்கு முன்னும் பின்னும் உடல் எடை, சிறுநீரின் அடர்த்தி, கிரியாட்டினின் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர்.

இவ்வொப்பீடு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. எனவே வேலைமுறையை மாற்றிப் பார்ப்பது வலுவான சோதனையாகும். நிகராகுவா நாட்டுக் கரும்புத் தோட்டம் ஒன்றில் நிழல், ஓய்வு, குடிநீர் வசதிகள் மேம்படுத்தப்பட்டன. எரித்த கரும்பை வெட்டுவோரில் ஓர் அறுவடைப் பருவத்தில் சிறுநீரகப் பாதிப்பு அடைந்தோர் 27 சதவீதத்திலிருந்து மறு பருவத்தில் 7 சதவீதமாகக் குறைந்தனர். எனினும் ஆய்வு முழுவதும் ஒரே ஆலையில் நடந்தது. பூச்சிக்கொல்லி, வலி நிவாரணி மாத்திரை, நிலத்தடி நீர் ஆகியவற்றின் பங்கு இதனால் விலக்கப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

இந்நோயில் தொடக்கத்தில் வீக்கமோ வலியோ இராது; சிறுநீரில் புரதமும் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது. பல ஆண்டுகள் வெயிலில் உழைத்தவராயின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். கடும் வேலை செய்த நாளில் அதனைத் தவிருங்கள்.

வேலையின்போது 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துங்கள். இடையிடையே நிழலில் ஓய்வெடுங்கள். வலி நிவாரணி மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே சிறுநீரக அல்லது இதய நோய் உள்ளவர்கள் அருந்தும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.