எதிரிடை அனுபவ பாத்தியம்

பிறர் நிலத்தை உரியவருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்து வந்தவருக்குக் கிடைக்கும் உரிமை. 'பாத்தியம்' வடமொழி வழி வந்த சொல். பத்திரங்களில் உரிமை என்று பொருள்படும். கனமெல்லாம் 'எதிரிடை'யில்தான். குத்தகைக்காரர் நாற்பது ஆண்டு உழுதாலும் அது அனுமதியின்பேரில் நடக்கும் அனுபவமே. பக்கத்து மனைக்காரர் 2001இல் வேலியைத் தள்ளிப் போட்டு, தன்னுடையது என்றே ஆண்டுவந்தால் கதை வேறு. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி 12 ஆண்டுக்குள் வழக்குப் போடாத உரியவருக்கு, 2013இல் வழக்குரிமையோடு சொத்துரிமையும் அற்றுப்போகும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. நாளாக ஆகச் சாட்சிகள் மறைவார்கள், ஆவணங்கள் தொலையும் என்பதால்தான் இந்த வரம்பு. தெரிந்தே அபகரித்தவருக்கும் இது கைகொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வரி ரசீது மட்டும் போதாது; எதிரிடை எப்போது தொடங்கியது என்பதைக் கோருபவரே நிரூபிக்க வேண்டும்.