சம எடைக் கேக்: முட்டையில் தொடங்கும் கணக்கு

சம எடைக் கேக் என்பது முட்டை, சீனி, பட்டர், கோதுமை மா ஆகிய நான்கையும் ஒரே எடையில் எடுத்துச் செய்யும் கேக். இலங்கையில் பட்டர் கேக் என்று அறியப்படுவதன் மூல வடிவம் இதுதான். பதுளையின் பேக்கரிகளில் துண்டு போட்டு விற்பதும், ஊவாவின் தோட்ட வீடுகளில் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் செய்வதும் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே. இதற்குக் குறிப்பேடு தேவையில்லை. உடைத்த முட்டை எவ்வளவு நிறுக்கிறதோ, மற்ற மூன்றும் அதே அளவு.

ஆங்கிலேயர் இதை ராத்தல் கணக்கில் செய்தார்கள். லண்டனில் 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல் ஒரு ராத்தல் பட்டர், ஒரு ராத்தல் சீனி, ஒரு ராத்தல் மா என்று சொல்லிவிட்டு, முட்டைக்கு மட்டும் எண்ணிக்கையைத் தருகிறது: பன்னிரண்டு மஞ்சட்கரு, அதில் பாதியளவு வெள்ளைக்கரு. 1796இல் அமெரிக்காவில் வெளியான அமீலியா சிம்மன்ஸின் நூல் பத்து முட்டை என்கிறது. பிரான்சின் பிரிட்டனி மக்களோ இதை நான்கு கால்பங்கு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களோடு வந்த துரைமாரின் பங்களாக்களில், அப்புமாரின் கைவழியே இந்தக் கேக் ஊவா மலைகளுக்குள் நுழைந்தது. இலங்கை கிலோகிராமுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் கடந்தும் 450 கிராம் பாணை ராத்தல் பாண் என்றே கடையில் கேட்கிறார்கள். கேக்கிலும் அந்த ராத்தல் இன்னும் தங்கியிருக்கிறது.

ராத்தலுக்கு எட்டு முட்டை என்று ஒரு வீட்டிலும் பத்து முட்டை என்று அடுத்த வீட்டிலும் சொல்வார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு ராத்தல் 453 கிராம். ஓட்டோடு 65 கிராம் நிறுக்கும் பெரிய முட்டையில் உள்ளீடு ஏறத்தாழ 57 கிராம், ஆகவே எட்டு முட்டை போதும். 50 கிராம் முட்டையில் உள்ளீடு 44 கிராம்தான், பத்து வேண்டும். 40 கிராமைத் தொடும் ஊர்க்கோழி முட்டையென்றால் பதின்மூன்று ஆகிவிடும். எண்ணிக்கையை நம்பினால் கேக் ஒருநாள் பஞ்சாகவும் மறுநாள் கட்டியாகவும் வருவதன் காரணம் இதுவே.

மாவையும் சீனியையும் கரண்டியால் கூட்டிக் குறைக்கலாம், பட்டரைக் கத்தியால் வெட்டலாம். முட்டையை அப்படி வெட்டி எடுக்க வழியில்லை. வளைந்து கொடுக்காததை முதலில் நிறுத்து, வளைந்து கொடுக்கும் மூன்றையும் அதற்கு ஏற்றபடி எடுப்பதே இந்த முறையின் முழு உத்தி. முட்டையை எண்ணாமல் நிறுப்பது விலையிலும் வந்ததுண்டு. 2023 ஏப்ரலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முட்டைக்குக் கிலோக் கணக்கில் உச்ச விலை வைத்தது: வெள்ளை முட்டை கிலோ 880 ரூபா, சிவப்பு முட்டை கிலோ 920 ரூபா. அதே ஆண்டு தொடக்கத்தில் ஒரு வெள்ளை முட்டைக்கு விதித்திருந்த விலை 44 ரூபா. கிலோவுக்கு இருபது முட்டை, அதாவது முட்டைக்கு 50 கிராம் என்று அரசே கணக்குப் போட்டது போலத்தான். ஆனால் அந்தக் கிலோவில் ஓடும் சேர்ந்திருக்கிறது. ஓட்டின் பங்கு பத்தில் ஒன்றைவிடச் சற்று அதிகம்.

ஓட்டோடு நிறுப்பதா, உடைத்து நிறுப்பதா என்பதில் சமையற்காரர்கள் இரண்டு பக்கம் நிற்பார்கள். ஆங்கில வீட்டுச் சமையலில் ஓட்டோடு நிறுக்கும் பழக்கம் உண்டு. முட்டையை உடைக்காமலே கணக்கை முடித்துவிடலாம் என்பது அதன் வசதி. ஐந்து முட்டை ஓட்டோடு 272 கிராம் காட்டினால், உள்ளீடு 240 கிராம் அளவில் இருக்கும். ஓட்டோடு கணக்கிட்டவர் பட்டர், சீனி, மா மூன்றையும் 272 கிராம் எடுப்பார், கலவையில் விழும் முட்டையோ 240 மட்டுமே. கேக் வரும், ஆனால் சற்று இறுகி, இரண்டாம் நாளே உலரத் தொடங்கும். கேக்கில் பால் சேர்க்காதபோது ஈரத்தின் பெரும்பகுதி முட்டையிலிருந்தே வருகிறது. முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதனால் ஈரம் விரைவாக வெளியேறும் மலைநாட்டில் உடைத்து நிறுப்பதே நல்லது.

பதுளை நகரில் அந்த ஐந்து முட்டையோடு கேக் செய்வதாக வைத்துக்கொள்வோம். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, முட்டைகளை உடைத்து ஊற்றினால் 240 கிராம். பட்டர் 240, சீனி 240, மா 240. மொத்தம் 960 கிராம். ஏழு அங்குல விட்டமும் மூன்று அங்குல உயரமும் உள்ள தட்டில் இது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு உயரத்துக்கு வரும். மேலே உப்புவதற்கு இடமும் இருக்கும். பட்டரில் உப்பில்லையென்றால் ஒரு சிட்டிகை உப்பும், ஒரு தேக்கரண்டி வெனிலாவும் போதும். மாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்ப்பது விருப்பம். பழைய முறையில் அது கிடையாது. 1840களில்தான் ஆல்பிரட் பேர்ட் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அதற்கு முந்திய நூறு ஆண்டும் கேக்கை உயர்த்தியது அடித்துச் சேர்த்த காற்றும் அடுப்பில் எழும் நீராவியுமே. கிளாஸ் ஒரு மணி நேரம் அடிக்கச் சொன்னது வீணாக அல்ல.

காற்று முதலில் பட்டருக்குள் போகிறது. சீனியின் கூரான படிகங்கள் பட்டரைக் கிழித்து நுண்ணிய குமிழிகளை அதில் அடைக்கின்றன. பட்டர் விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், பளபளத்து உருகத் தொடங்கியிருக்கக் கூடாது. 18 முதல் 20 பாகை வரை அதற்கு ஏற்றது. பதுளையின் வெயில் நேரத்தில் பட்டர் இதைத் தாண்டி எண்ணெயாகப் பிரியப் பார்க்கும், ஹப்புத்தளையின் காலையில் கல்லாக இருக்கும். நிறம் வெளுத்துப் பஞ்சுபோல் எழுந்ததும் முட்டையை நன்றாகக் கலக்கி, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த முட்டையை அவசரமாக ஊற்றினால் கலவை தயிர்போல் திரிந்துவிடும், பிடித்து வைத்த காற்றில் ஒரு பகுதி வெளியேறும். திரிவது தெரிந்த உடனே நிறுத்து வைத்த மாவிலிருந்து ஒரு கரண்டியைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். மீதி மாவைச் சலித்து, வெள்ளைக் கோடு மறையும் வரை மட்டும் மெதுவாகக் கலக்க வேண்டும். பிறகு 165 பாகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதே அளவை அப்படியே ஹப்புத்தளைக்குக் கொண்டுபோனால் கணக்கு சற்றுப் பிசகும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டி, ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டி. உயரம் 900 மீற்றரைக் கடக்கும்போது கேக்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஹப்புத்தளையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. குமிழிகள் எளிதாகப் பெருக்கின்றன, தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்து ஈரம் விரைவாக வெளியேறுகிறது. எஞ்சும் கலவையில் சீனியின் செறிவு கூடுகிறது. சீனி கூடினால் முட்டையின் புரதமும் மாவின் மாப்பொருளும் இறுகத் தாமதமாகும். கேக் உப்பி நிற்கும்போது அதைத் தாங்கச் சுவர் இருக்காது, நடு அமுங்கிவிடும்.

ஆகவே மேலே இருக்கும் தோட்டங்களில் சமத்தைச் சிறிது உடைக்க வேண்டியிருக்கிறது. முட்டையும் பட்டரும் 240 ஆகவே இருக்கட்டும். சீனியை 225ஆகக் குறைத்து, மாவில் ஒரு மேசைக்கரண்டி கூட்டி, ஒரு மேசைக்கரண்டி பாலும் சேர்க்கலாம். பேக்கிங் பவுடரைப் பாதியாக்க வேண்டும், அல்லது விட்டுவிடலாம். பட்டரையும் அளவுக்கு மீறி அடிக்கத் தேவையில்லை. ஓவனின் சூட்டை ஐந்து, பத்து பாகை கூட்டினால் கேக் பெருப்பதற்கு முன்பே இறுகத் தொடங்கும். வெளிநாட்டுக் குறிப்பு ஒன்று கேக்கின் நடுவில் வெப்பமானி 99 பாகை காட்ட வேண்டும் என்றால், ஹப்புத்தளைக்காரர் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அந்தச் சூட்டை எட்டுவதற்குள் கேக் உலர்ந்துவிடும். ஈர்க்குச்சி சுத்தமாக வெளிவருவதும், ஓரம் தட்டைவிட்டு விலகுவதுமே அங்கே நம்பத்தக்க அடையாளங்கள்.

வெட்டிய துண்டு பெரும்பாலும் எங்கே தவறியது என்று காட்டிவிடும். மேற்பரப்பு ஒட்டும் தன்மையோடு பளபளத்து, நடுப்பகுதி குழிந்திருந்தால் சீனி அல்லது பேக்கிங் பவுடர் கூடுதல். அடியில் களிபோன்ற ஈரக்கோடு ஓடினால் கலவை திரிந்திருக்கும், அல்லது வேகவில்லை. மேல்நோக்கி நீண்ட துளைகள் தெரிந்தால் மா போட்டபின் அதிகம் கலக்கியிருக்கிறார்கள். மேலே நடுவில் ஒரு வெடிப்பு விழுவது குறையல்ல, இந்தக் கேக்குக்கு அது இயல்பு. வெடிப்பு மலைபோல் எழுந்து ஓரம் கருகியிருந்தால்தான் சூடு அதிகம். பாண் சுட்டு முடிந்த போறணையின் தணியும் சூட்டில் கேக் வைக்கும் பேக்கரிக்காரர்களுக்கு இது நன்கு தெரியும்.

நான்கு பொருளில் மூன்றை ஊவா மாகாணத்துக்குள்ளேயே வாங்கிவிடலாம். மொனராகலை மாவட்டத்தின் பெல்வத்தையிலும் செவனகலவிலும் கரும்பாலைகள் இருக்கின்றன, புத்தலப் பக்கத்துப் பெல்வத்தைப் பாற்பண்ணை நிறுவனம் பட்டர் செய்கிறது. கோதுமை மட்டும் கடல் கடந்து வந்து, திருகோணமலையிலோ கொழும்பிலோ மாவாக அரைபட்டு மலையேறுகிறது. கரும்பாலைகளின் பழுப்புச் சீனி எடையில் சமம்தான், ஆனால் படிகம் பெரிது, ஈரமும் உண்டு. அரைத்துச் சலித்தால்தான் பட்டரோடு இணங்கும், கேக்கின் நிறமும் இருண்டு வரும். பட்டருக்குப் பதில் மாஜரின் போடும் வீடுகள் பொதியில் கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். பட்டரில் நூற்றுக்கு எண்பது கொழுப்பு. அதைவிடக் குறைந்த கொழுப்புள்ள மாஜரினில் மீதி பெரும்பாலும் தண்ணீர். 240 கிராம் நிறுத்தாலும் 240 கிராம் பட்டரின் வேலையை அது செய்யாது.

நத்தார் காலத்தில் கணக்கைத் திருப்பிப் போடுவதும் உண்டு. தட்டுகளுக்கு நான்கு கிலோ கலவை தேவையென்றால் நான்கால் வகுத்து ஒரு கிலோ முட்டை உள்ளீடு. ஓட்டோடு 50 கிராம் முட்டையென்றால் 23. உடைத்து நிறுக்கும்போது 1,012 கிராம் வந்தால் அந்தப் பன்னிரண்டு கிராமை வழித்து எடுக்க வேண்டாம், மற்ற மூன்றையும் 1,012 ஆக்கினால் போதும்.