தொடர் சந்தா வசூல்

வாடிக்கையாளரின் முன் ஒப்புதலின்படி மாதச் சந்தாவைக் கார்டிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யும் முறை. இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், ரூ.5,000 ஆக இருந்த ஓடிபி தேவைப்படாத வரம்பு 2022 ஜூனில் பொதுவாக ரூ.15,000 ஆயிற்று. பிடித்தம் தோற்றால் காரணத்தைப் பார்த்தே மறுமுயற்சி அமைய வேண்டும். கார்டு முடக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை முயன்றாலும் வீண். பணம் போதாவிட்டால் நாள்தான் முக்கியம். மூணாறில் 10ஆம் தேதி சம்பளம் பெறும் ஒருவரின் சந்தா 5ஆம் தேதி தோற்றதாகக் கொள்வோம். மறுநாள் முயல்வது வீண், 11ஆம் தேதி முயல்வது பலிக்கும். ஆகவே சலுகைக் காலம் மூன்று நாளாக இருந்தால் போதாது, ஏழு நாளாவது தேவை. அதுவரை சேவை இலவசமாகப் போகிறதே என்பர். இழப்பு சில நாள் சேவைதான். ரத்தானவரைத் திரும்பச் சேர்க்கவோ ஓடிபியுடன் புதிய ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் தம் வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம்.