எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. முதலில் பேச்சு ‘முற்றாகும்’. பிறகு ‘எழுத்து’ நடக்கும், அதாவது பதிவு. அதற்குப் பிறகு பொன்னுருக்கு, கடைசியாகத் தாலி. பேச்சு முற்றானதிலிருந்து தாலி ஏறும் வரைக்கும் போகிற மாதங்களைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் அந்த மாதங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

காத்திருப்பு ஏன் நீண்டது? பெரும்பாலும் சீதனத்தால்தான். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்து எழுதினார். அதன்படி சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் உரிமை இல்லை. ஆகவே சீதன உறுதியில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் அவளுக்குக் கிடைக்கும் பங்கு. காணி பிரிக்க வேண்டும், வீட்டுக்குக் கூரை போட வேண்டும், நொத்தாரிசிடம் போக வேண்டும். வீடு முடியும் வரை கலியாணமும் நிற்கும்.

இந்தக் காலத்தில் இரண்டு பேரும் கதைத்தார்களா? எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் கேட்டோம். அவருக்கு மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். பேச்சு முற்றாகி எட்டு மாதத்துக்குப் பிறகுதான் தாலி. “கதைக்கிறதோ? அவர் யாழ்தேவியில வந்தா, அண்ணாவோட விறாந்தையில இருந்து கதைப்பார். நான் தேத்தண்ணி குடுத்திட்டு உள்ளுக்குப் போயிடுவன்” என்றார். கடிதம் வந்ததாம், ஆனால் அண்ணாவின் பெயருக்கு. முடிவில் ‘வீட்டில் எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்’ என்று ஒரு வரி இருக்கும். “அந்த எல்லாரும் நான்தான்” என்று சிரித்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

பெண்ணின் பெயருக்கே கடிதம் எழுதுவது கூச்சமான விஷயம் மட்டும் இல்லை. எங்கள் நாட்டின் விவாகப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதன்படி, கலியாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் அந்த வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும். முற்றத்தில், வெற்றிலைத் தட்டோடு, ஊருக்கு முன்னால் சொன்ன வாக்கு நீதிமன்றத்தில் நிற்காது. பேச்சுக் குழம்பினால் மாப்பிள்ளை வேறு இடம் பார்ப்பார். ‘குழம்பின சம்பந்தம்’ என்ற பெயர் பெண்ணோடு இருந்துவிடும்.

எழுத்து முடிந்த பிறகு நிலைமை இன்னும் விசித்திரம். பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்ததும் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் வீட்டுக்கு இன்னும் இல்லை. கையெழுத்து வைத்த அன்று பின்னேரமே மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். ‘எழுத்துத்தானே முடிஞ்சது, தாலி ஏறேல்லையே’ என்பார்கள்.

தாலி நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு கூடும். நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். பத்தர் தங்க நாணயத்தை உமி நெருப்பில் உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். தாலி செய்யப்போவது அந்தப் பொன்னில்தான், ஆனால் பொம்பிளை அதைப் பார்க்க அங்கே இருக்கமாட்டார். அன்றிலிருந்து மணவறை வரைக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது வழமை. சட்டத்தின்படி மனைவியாகி மாதக்கணக்காகிவிட்டது, வழமைக்கோ முகம் பார்க்கவும் அனுமதி இல்லை.

யுத்தமும் புலம்பெயர்வும் இந்த இடைவெளியை இன்னும் நீட்டின. வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து எழுத்தை முடித்துவிட்டுப் போவார். அந்தப் பதிவுப் பத்திரத்தை வைத்துத்தான் ஸ்பொன்சர் விண்ணப்பம் போடலாம். விசா வரும் வரைக்கும் பெண் தாய் வீட்டில் இருப்பார். இப்போது விறாந்தைக்குப் பதிலாக வட்ஸ்அப் இருக்கிறது, இரவிரவாகக் கதைக்கலாம். ஆனால் கதைக்கக் கதைக்க, இந்த ஆள் சரிவராது என்று தெரிந்தால் என்ன செய்வது?

எங்களோடு படிக்கும் ஒரு நண்பிக்கு அதுதான் நடந்தது. எழுத்து முடிந்து ஐந்தாவது மாதம் அவள் வேண்டாம் என்றாள். வீட்டில் “தாலி ஏறேல்லைத்தானே, விட்டிடலாம்” என்றார்கள். சட்டத்தரணியிடம் போனபோதுதான் விளங்கியது, அவளுக்குத் தேவை விவாகரத்து. அதற்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவரும் சேர்ந்து ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்வது அதில் இல்லை. ஒரு நாளும் சேர்ந்து வாழாத இருவருக்கும் அதே சட்டம்தான்.

அம்மம்மாவின் காலத்தில், வாய்ப்பேச்சாக இருந்ததால் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. எங்கள் காலத்தில், எழுத்தாகிவிட்டதால் வெளியே வர வழி இல்லை. பேச்சு முற்றானதும் “எழுத்தை முதல்ல முடிப்பம்” என்று ஆராவது அவசரப்பட்டால், “அது என்ன எழுத்து?” என்று கேட்க வேண்டியது கையெழுத்து வைக்கப்போகிற நாங்கள்தான்.