பேக்கப்புக்கும் கால் டைமுக்கும் இடையே: சிவகாசி வட்டாரப் படப்பிடிப்புகளில் குறைந்தபட்ச இடை ஓய்வு

திரைப்படப் படப்பிடிப்பில் அன்றைய வேலை முடிந்ததென இயக்குநர் அறிவிப்பது ‘பேக்கப்’ எனவும், மறுநாள் ஒவ்வொரு பிரிவினரும் களத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம் ‘கால் டைம்’ எனவும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் இக்கட்டுரையில் ‘இடை ஓய்வு’ எனக் குறிக்கப்படுகிறது. சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடத்தும் குழுவுக்கு இந்த இடை ஓய்வை எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதே முதன்மையான சிக்கல். அறிவிப்பிலிருந்து முதல் ஷாட் வரை அளக்கும்போது போதுமானதாகத் தோன்றும் ஓய்வு, விடுதி வாசலிலிருந்து விடுதி வாசல் வரை அளக்கும்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்பதும், எனவே குறைந்தபட்ச ஓய்வை வாசல் கணக்கில், பிரிவுவாரியாக வரையறுப்பதே பயன் தரும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சட்டம் அளப்பதும் அளக்காததும்

இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தனவே அன்றி, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமும், இடைவேளைகளைச் சேர்த்துப் பத்தரை மணி நேரமும் என எல்லை வகுத்தது. ஆனால் நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் வேலை செய்தவருக்கு அந்த ஷிப்ட் முடிந்த கணத்திலிருந்தே அடுத்த நாள் தொடங்குவதாக அதே சட்டம் கணக்கிட்டது. ஆகவே நாள் கணக்கின் வரம்பு மட்டும் ஒருவரை உறங்க அனுப்பிவிடாது. இரவுக் காட்சியும் விடியல் காட்சியும் மாறிமாறி வரும் படப்பிடிப்பில் இந்த இடைவெளிதான் முதலில் பறிபோகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்காக அமைந்தது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாள் பணி முடிந்ததற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் இடையே ஓட்டுநருக்குத் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு வேண்டும் என அது விதித்தது. களைத்த ஓட்டுநரால் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து என்பதை 1961இலேயே ஏற்றுக்கொண்ட சட்டமன்ற மரபு, அதே ஓட்டுநர் ஏற்றிச் செல்லும் லைட்மேனுக்கும், உயரத்தில் ஏறிக் கனமான விளக்கைக் கட்டும் அவருடைய கைக்கும் அந்தத் தருக்கத்தை நீட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர ஆணை எல்லாத் தொழிலாளருக்கும் நாளொன்றுக்குத் தொடர்ச்சியாகப் பதினொரு மணி நேர ஓய்வு என வகுத்திருப்பது இங்கு ஒப்பிடத் தக்கது.

விருதுநகர் மாவட்டம் ஏற்கெனவே கண்ட பாடம்

வேலை நேரத்தை ஆலை வாசலில் மட்டும் அளப்பதன் பிழையைத் தமிழகத்தில் வேறெந்த வட்டாரத்தையும் விடச் சிவகாசி நன்கறியும். தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் குறித்து 1983இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஸ்மித்து கோத்தாரி எழுதிய கட்டுரை, ஆலைக்குள் கழிந்த மணி நேரங்களோடு நின்றுவிடவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்துகள் அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, இரவானபின் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியதை அது பதிவு செய்தது. 1976இல் அவ்வாறு குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்த பிறகே அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. பயண நேரம் உழைப்பவரின் உறக்கத்திலிருந்து கழிவது என்ற உண்மை அன்று பேருந்தின் நேரத்தைக் குறித்ததால்தான் புலனாயிற்று. படப்பிடிப்புக் குழுவின் வேனுக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

ஓர் இரவும் ஒரு விடியலும்: கணக்கு

ஒரு மாதிரி அட்டவணையைக் கொண்டு இதை விளக்கலாம். குழு சிவகாசியில் விடுதியில் தங்கியிருக்கிறது. களம் வெம்பக்கோட்டைப் பக்கம், மண்சாலை உட்பட வேனில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ளது. கோயில் திருவிழா வாணவேடிக்கைக் காட்சிக்காகப் பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு 10:30க்குப் பேக்கப் ஆகிறது. மறுநாள் கரிசல் காட்டில் விடியல் ஒளியில் எடுக்க வேண்டிய காட்சிக்கு முதல் ஷாட் காலை 6:30. தயாரிப்பு நிர்வாகியின் தாளில் இது எட்டு மணி நேர ஓய்வு.

லைட்மேன்கள் விளக்குகளை இறக்கி, கேபிள்களைச் சுருட்டி, வண்டியில் ஏற்றி முடிக்கும்போது நள்ளிரவு 12:00; விடுதியை அடைவது 12:45. விடியலில் விளக்குகளும் வெள்ளைத் துணிகளும் தயாராக இருக்க வேண்டுமானால் அவர்கள் 5:15க்குக் களத்தில் இருக்க வேண்டும், அதாவது 4:30க்கு வேன் ஏற வேண்டும். வாசலிலிருந்து வாசலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது மூன்றே முக்கால் மணி நேரம். குளித்து, படுத்து, எழுந்து புறப்படும் நேரம் போக உறக்கம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அவர்களை இறக்கிவிட்ட ஓட்டுநர், தேநீரும் சிற்றுண்டியும் ஆயத்தம் செய்யும் புரொடக்ஷன் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு 3:30க்குப் புறப்பட வேண்டியிருந்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டே முக்கால் மணி நேரம். பேக்கப் ஆகிச் சிறிது நேரத்தில் காரில் ஏறி 11:30க்கு விடுதியை அடைந்து, ஒப்பனைக்காக 4:45க்குப் புறப்படும் நாயக நடிகருக்குக்கூட ஐந்தேகால் மணி நேரம்தான். ஒரே தாள் எல்லோருக்கும் எட்டு மணி நேரம் என்கிறது. வாசல் கணக்கோ கூலி குறையக் குறைய ஓய்வும் குறைவதைக் காட்டுகிறது.

இதன் விளைவை அளந்தறிய முடியும். டாசன், ரீட் ஆகியோர் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை–கண் ஒருங்கிணைவு, இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர்களின் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். முந்திய நாள் காலை 7:30க்கு எழுந்த ஓட்டுநர் 12:45க்கு விடுதியை அடையும்போது பதினேழு மணி நேரத்தைக் கடந்திருக்கிறார். அமெரிக்காவில் ‘பிளசன்ட்வில்’ படத்தின் துணை ஒளிப்பதிவாளர் ஒருவர் 1997 மார்ச்சில் பத்தொன்பது மணி நேர வேலைக்குப் பின் காரோட்டி வீடு திரும்புகையில் இறந்ததே, ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லரை நீண்ட வேலை நேரத்துக்கு எதிராக இயங்கவும் 2006இல் அது குறித்து ஆவணப்படம் எடுக்கவும் தூண்டியது.

‘பழகிவிட்டது, தூக்கமே வருவதில்லை’ எனப் பணியாளர் தாமே சொல்வது ஓய்வு போதும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. வான் டாங்கனும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை ஏற்கவிடாது. இரண்டு வாரங்கள் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் செயல்திறன் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போக, அவர்கள் உணர்ந்த சோர்வோ சில நாள்களுக்குப் பின் பெரிதாகக் கூடவில்லை. எனவே ஓய்வு போதுமா எனப் பணியாளரைக் கேட்டு முடிவு செய்வதற்கு மாறாக, நேரத்தைக் குறித்து முடிவு செய்வதே முறை.

எத்தனை மணி நேரம், யாருக்கு

விடுதியில் தங்கும் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வாசல் கணக்கில் பத்து மணி நேரம் என்பது பொருத்தமான அளவு. உணவு, குளியல், துணி துவைத்தல், வீட்டாரோடு பேசுதல் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் போனால் படுக்கையில் எட்டு மணி நேரம் எஞ்சும். சென்னையில் அவரவர் இருசக்கர வண்டியில் புறநகர் வீடுகளுக்குத் திரும்பும் நிலையில் பயணத்தைக் குறித்துவைப்பார் இல்லாததால், களத்திலிருந்து களத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எனக் கொள்ள வேண்டியிருக்கும். பிரிவில் கடைசியாக விடுதியை அடைபவரின் நேரமே அந்தப் பிரிவின் தொடக்க நேரமாக வேண்டும்.

மேற்கண்ட அட்டவணையில் இவ்விதியைப் பொருத்தினால் லைட்மேன்களின் வேன் காலை 10:45க்கு முன் புறப்பட முடியாது. விடியல் காட்சி நடவாது. அதற்கு விடை, காட்சிகளின் வரிசையை மாற்றுவது. விடியல் காட்சிகளை வாரத் தொடக்கத்தில் வைத்து, பிற்பகலில் முடித்து, கால் டைமை நாளுக்கு நாள் தள்ளிவைத்து, ஐந்தாம் ஆறாம் நாள்களில் இரவுக் காட்சிகளை எடுத்து, அதன்பின் வார விடுமுறையை வைத்தால் எந்த நாளும் ஓய்வு பத்து மணி நேரத்துக்குக் குறையாது. வார விடுமுறையும் 24 மணி நேரத்தோடு இந்தப் பத்தையும் சேர்த்து 34 மணி நேரமாக அமைய வேண்டும். இல்லையேல் நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் விடுமுறை உறக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு கூறு, களத்தில் தினக்கூலிக்கு அமர்த்தப்படும் உள்ளூர் மக்கள். பகலில் பட்டாசு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் இரவுக் காட்சியில் கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு, காலையில் மீண்டும் மருந்து அடைக்கும் அறைக்குள் சென்றால், படப்பிடிப்பு பறித்த உறக்கத்தின் ஆபத்து அந்த அறையில் இருக்கும் மற்றவர்கள் மேலும் விழுகிறது. உராய்வே வெடிப்புக்குப் போதுமான வேலையில் கையின் சிறு பிசகும் உயிரைக் கேட்கும். எனவே இரவுக் காட்சிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட், மறுநாள் ஆலை வேலைக்குச் செல்வோரைச் சேர்க்கலாகாது என்பதும், ஆலை விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலேயே கூட்டக் காட்சிகளை வைக்க வேண்டும் என்பதும் இடை ஓய்வு விதியின் பகுதியாக வேண்டும்.

விலைக்கு வாங்க முடியாத ஓய்வு

விதி மீறப்பட்டால் கூடுதல் பேட்டா கொடுத்துச் சரிசெய்யலாம் என்பது தயாரிப்புத் தரப்பு எளிதில் ஏற்கும் தீர்வு. பணியாளர் பலரும் அதை விரும்பக்கூடும். அதனாலேயே அது தவறான தீர்வு. ஒப்பந்தம் எத்தனை நாள் இருக்கும் எனத் தெரியாத தொழிலில், கையில் வரும் பணத்தை மறுக்கும் நிலையில் லைட்மேன் இல்லை. தண்டத்தொகை செலவுப் பட்டியலில் ஒரு வரியாக அடங்கியதும் விதி மறைந்துவிடும். மீறலுக்கு விளைவாக அடுத்த கால் டைம் தானே தள்ளிப்போக வேண்டும். கூடுதல் நாளுக்கான விடுதி, களவாடகைச் செலவு உண்மையானதுதான். ஆனால் விளக்குகளை அமைக்கவும் இறக்கவும் தனித்தனிக் குழுக்களை வைப்பதன் வழியாக அதைப் பெரிதும் குறைக்கலாம்.

சரிபார்ப்பதற்குப் புதிய ஏற்பாடும் தேவையில்லை. ஓட்டுநரின் ட்ரிப் ஷீட்டில் விடுதியை அடைந்த நேரமும் புறப்பட்ட நேரமும் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. அவற்றைக் கால்ஷீட்டோடு சேர்த்து வைத்தால் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் ஒலி–ஒளிப் பணியாளருடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் எனவும், அதில் வேலை நேரம் இடம்பெற வேண்டும் எனவும் கூறுகிறது. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும் தயாரிப்பாளர் அமைப்புகளும் ஊதியம் குறித்துப் பேசி முடிக்கும் உடன்பாடுகளில், ‘விடுதி வாசலிலிருந்து விடுதி வாசல் வரை பத்து மணி நேரம், குறைந்தால் கால் டைம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும், ஓட்டுநருக்கும் உள்ளூர்த் தினக்கூலியாளருக்கும் இது பொருந்தும்’ என்ற ஒரு கூற்றைச் சேர்த்தால், அந்த ஒப்பந்தத்தின் ‘வேலை நேரம்’ என்ற பகுதி உறக்கத்தையும் காக்கும் பகுதியாகிவிடும்.